திட்ட மறுஆய்வில் ‘தோல்வி’யை இறக்கி வைப்பது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

ஒரு திட்டம் முடிந்ததும் எழுதும் மறுஆய்வைக் குழுவில் இருக்கும் எல்லோரும் படிப்பார்கள். முதல் பத்தியிலேயே ‘தோல்வி’ என்று இருந்தால், படிப்பவர் காரணத்தைத் தேடுவதற்கு முன் தன் பெயர் எங்கே வருகிறது என்று தேடுவார். பெயர் இல்லை என்றால் நிம்மதியாக மூடிவிடுவார். இருந்தால், அடுத்த கூட்டத்தில் தனக்குத் தெரிந்ததில் பாதியைத்தான் சொல்வார். இரண்டுமே நமக்கு நஷ்டம்.

அதற்காக ‘தோல்வி’யை அடித்துவிட்டு ‘சிறு பின்னடைவு’ என்று எழுதினால் ஆகிவிடுமா? அது இன்னும் மோசம். கடுமையும் போய்விடும், விஷயமும் போய்விடும். நான் இங்கே சொல்லப்போகும் முறையில் வன்சொல்லுக்குப் பதிலாக மென்சொல் வருவதில்லை; எது, எவ்வளவு, எப்போது என்ற விவரம் வருகிறது. விவரம் வந்து உட்கார்ந்ததும் சொல்லின் சூடு தானாக இறங்கும்.

கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். குழு கற்பனைதான், பின்னணி உண்மை. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியது. ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. செப்டம்பர் 22, திங்கள்கிழமை முதல் அமல். மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் தரும் சிறிய குழு ஒன்று. அவர்களிடம் 140 கடைகள். ஞாயிறு இரவு 11 மணிக்கு அப்டேட் அனுப்பினார்கள். 112 கடைகளில் ஏறிவிட்டது. 28 கடைகளில் ஞாயிறு மாலையே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மென்பொருள் இரவில் மட்டும்தான் அப்டேட்டைத் தேடும் என்பதால், அந்தக் கடைகள் திங்கள் காலை பழைய விகிதத்தோடு பில் போட ஆரம்பித்தன. 9.40க்கு முதல் போன் வந்தது. ஒவ்வொரு கடையாகப் பேசி, கையால் ஏற்றி முடிக்க மதியம் 1.30 ஆனது. அதற்குள் சுமார் 1,900 பில்கள் தவறான வரியோடு போய்விட்டன.

குழுத் தலைவர் அன்று இரவே உட்கார்ந்து எழுதிய வரைவு இது:

“ஜிஎஸ்டி அப்டேட் படுதோல்வி. இத்தனை நாள் அவகாசம் இருந்தும் கோட்டை விட்டோம். டெஸ்டிங் டீம் மெஷினை ஒருமுறைகூட அணைத்துப் பார்க்கவில்லை. சில கடைகள் மெஷினை அணைத்துவிடும் என்று சப்போர்ட்டுக்குத் தெரியும், ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரிலீஸ் நேரத்தை யோசிக்காமல் வைத்ததால் கடைக்காரர்கள் முன் மானம் போனது. இனியாவது எல்லோரும் பொறுப்போடு இருக்க வேண்டும்.”

இதைத்தான் திருத்தப் போகிறோம்.

படி 1: கோபத்தை வேறு கோப்பில் எழுதுங்கள்

இப்படி ஒரு வரைவு எழுதுவதில் தப்பே இல்லை. சூட்டோடு எழுதும்போதுதான் நேரம், எண், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நினைவில் இருக்கும். ஆனால் குழுவோடு பகிரும் கோப்பிலேயே அதை எழுதாதீர்கள். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் திருத்தும் அனுமதி உள்ள எவரும் பழைய பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். நீங்கள் பாடுபட்டு மென்மையாக்கிய வரிக்குப் பின்னால் ‘வாயைத் திறக்கவில்லை’ பத்திரமாக இருக்கும். தனிக் கோப்பில் எழுதி, திருத்தி, முடிந்ததை மட்டும் புதிய கோப்பில் ஒட்டுங்கள். ஒரு இரவு கழித்துத் திருத்தினால் நல்லது. ஒரு வாரம் தள்ளினால் விவரம் மங்கிவிடும்.

படி 2: வன்சொற்களைக் குறியுங்கள், ஒளிந்திருப்பவற்றையும் சேர்த்து

‘படுதோல்வி’, ‘கோட்டை விட்டோம்’, ‘மானம் போனது’ இவையெல்லாம் பார்த்தவுடன் கண்ணில் படும். ஒரு மஞ்சள் கோடு போட்டால் போதும். ‘அலட்சியம்’, ‘பொறுப்பில்லை’, ‘யோசிக்காமல்’ போன்றவை ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். அவற்றுக்கு இன்னும் அழுத்தமாக ஒரு கோடு. ஒருவர் யோசித்தாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நம் எழுத்தில் அதிகம் குத்துவது முழுச்சொற்களைவிட அவற்றின் வாலில் ஒட்டியிருக்கும் துணுக்குகள்தான். ‘அணைத்துப் பார்க்கவில்லை’ என்பது தகவல். ‘ஒருமுறைகூட அணைத்துப் பார்க்கவில்லை’ என்பது அடி. அந்த ‘கூட’வில் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற குரல் கேட்கிறது. ‘இனி’க்கும் ‘இனியாவது’க்கும் இடையே உள்ள தூரமும் அதுதான். ‘இருந்தும்’, ‘சொல்லியும்’, ‘ஆனாலும்’, ‘தெரிந்தே’, ‘யாருமே’ என்று வரும் இடமெல்லாம் ஒரு விரல் யாரையோ நோக்கி நீள்கிறது.

துணைவினைகளிலும் இதே கதை. ‘அனுப்பினார்’ என்றால் அனுப்பினார், அவ்வளவுதான். ‘அனுப்பிவிட்டார்’ என்றால், அனுப்பியிருக்கக் கூடாது என்ற சாயல் வந்துவிடும். ‘அனுப்பித் தொலைத்தார்’ என்று யாரும் அறிக்கையில் எழுத மாட்டார்கள் என்றுதான் நினைப்போம். வாட்ஸ்அப்பில் எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டும்போது அதுவும் வந்து சேரும். ‘மறந்துவிட்டார்’ என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு வேலை நடக்கவில்லை என்பது வெளியே தெரிவது; மறந்தாரா, நேரம் கிடைக்கவில்லையா, அது தன் வேலை என்றே தெரியாதா என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

தேடுபெட்டியில் `கூட`, `வது`, `யும்`, `விட்ட` என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிப் பாருங்கள். ‘இரண்டாவது’, ‘கூடுதல்’ எல்லாம் சேர்ந்து வரும், அவற்றைத் தாண்டிப் போங்கள். என் அனுபவத்தில் ‘தோல்வி’யை நீக்குவதைவிட இந்தத் துணுக்குகளை நீக்குவதுதான் படிப்பவர் முகத்தில் அதிக வித்தியாசம் காட்டும்.

படி 3: ஒவ்வொரு குறிக்கும் பதில் எழுதுங்கள்: எது, எவ்வளவு, எப்போது

‘ஜிஎஸ்டி அப்டேட் படுதோல்வி.’ எது தோற்றது? நோக்கம் என்னவாக இருந்தது? 22ஆம் தேதி காலை கடை திறக்கும்போது 140 கடைகளிலும் புதிய விகிதம் இருக்க வேண்டும் என்பதுதான். கிடைத்தது 112. அப்படியானால் எழுத வேண்டியது: “140 கடைகளில் 112இல் திங்கள் காலை கடை திறக்கும்போதே புதிய விகிதம் இருந்தது. 28 கடைகளில் மதியம் 1.30 வரை இல்லை.”

இந்த வரியில் யாரும் எதையும் மறைக்கவில்லை. ‘படுதோல்வி’யைவிட அதிகமாகவே சொல்கிறது. ஐந்தில் ஒரு கடைக்கு அப்டேட் போகவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு உறைக்கும். ஆனால் 112 கடைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர உழைத்தவரின் வேலையை அது குப்பையில் போடவில்லை.

நோக்கமே எழுத்தில் இல்லாத திட்டங்களில் இந்தப் படி சிக்கும். எதை அடையவேண்டும் என்று முன்பே முடிவு செய்யாமல், இப்போது தோல்வி என்று சொல்ல முடியாது. அப்படியானால் அதையே எழுதுங்கள்: “எத்தனை கடைகள், எத்தனை மணிக்குள் என்று நாம் முன்கூட்டி வரையறுக்கவில்லை.” பல மறுஆய்வுகளில் உருப்படியான கண்டுபிடிப்பு இந்த ஒரு வரிதான்.

அடுத்து, ‘யாரும் வாயைத் திறக்கவில்லை.’ இதற்கு எப்போது, எங்கே என்று விவரம் தேடப் போனால், சங்கதி வேறாக இருக்கிறது. செப்டம்பர் 12 அன்று சப்போர்ட்டில் இருப்பவர் குழுவின் வாட்ஸ்அப்பில், “அண்ணா, சில கடைல ஞாயித்துக்கிழமை சிஸ்டத்த ஆஃப் பண்ணிருவாங்க, பரவால்லயா?” என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே யாரோ மதியச் சாப்பாடு பற்றி எழுத, கேள்வி மேலே போய்விட்டது. வன்சொல் இங்கே கடுமையானது மட்டுமல்ல, பொய்யும்கூட. ஒரு வன்சொல்லுக்கு ஆதாரம் தேடினால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும்: எண் கிடைக்கும், அல்லது நாம் நினைத்தது நடக்கவே இல்லை என்று தெரியும்.

இந்த இடத்தை இப்படி எழுதலாம்: “சில கடைகள் ஞாயிறன்று மெஷினை அணைத்துவிடும் என்ற கேள்வி 12ஆம் தேதி குழுவில் எழுந்தது. ரிலீஸ் தொடர்பான கேள்விகளுக்குப் பதில் தருபவர் யார் என்று நாம் முடிவு செய்திருக்கவில்லை. கேள்வி பதிலில்லாமல் நின்றது.” கேட்டவருக்கு நியாயம் கிடைத்தது. பதில் சொல்லாத ஏழெட்டுப் பேரும் குத்துப்படவில்லை. சரிசெய்ய வேண்டியது எது என்பதும் தெரிந்துவிட்டது.

படி 4: ஆளைக் காப்பாற்றப் போய் வாக்கியத்தை அநாதையாக்காதீர்கள்

பெயரைச் சொல்லக் கூடாது என்றதும் பலர் ‘செய்யப்படவில்லை’க்குப் போய்விடுவார்கள். “அணைத்த நிலையில் சோதனை மேற்கொள்ளப்படவில்லை.” கேட்க நாகரிகமாக இருக்கிறது. ஆனால் ஏன் மேற்கொள்ளப்படவில்லை என்பது அதில் இல்லை, அடுத்தமுறையும் மேற்கொள்ளப்படாது. ‘விடுபட்டுப்போனது’, ‘நின்றுபோனது’ என்பவையும் இதே ரகம். மழை பெய்ததுபோல் எல்லாம் தானாக நடந்ததாகிவிடும்.

இதற்கு வழி, ஆளுக்குப் பதில் அவர் அன்று நின்ற இடத்தை எழுதுவது. அவர் கண்முன் என்ன இருந்தது? “சோதனைக்கு வைத்திருக்கும் மூன்று மெஷின்களும் அலுவலகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். சோதனைப் பட்டியலில் ‘அணைத்து, மறுநாள் காலை இயக்குதல்’ என்ற நிலை இல்லை. அதனால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.” படிப்பவர் யாராக இருந்தாலும், தான் அங்கே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று அவருக்குப் புரியும். எட்ஸி என்ற இணைய விற்பனை நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012இல் ‘பழி சுமத்தாத’ மறுஆய்வு பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும் இதைத்தான்: அந்த நேரத்தில் அந்த முடிவு அவருக்கு ஏன் சரியாகப் பட்டது என்று கேட்பது.

இதே காரணத்தால் ‘செய்திருக்க வேண்டும்’, ‘பார்த்திருக்கலாம்’ என்ற வினைகளையும் வெட்டுங்கள். பின்னால் நடந்தது தெரிந்துகொண்டு முன்னால் நின்றவரைக் கண்டிப்பது எளிது. அந்த வாக்கியம் சொல்ல வருவது உண்மையில் இனிச் செய்ய வேண்டிய வேலை என்றால், அதை நடவடிக்கைப் பட்டியலுக்கு நகர்த்துங்கள்.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் ஒருமுறை சரிபாருங்கள். குழு முழுவதும் படிக்கும் அறிக்கையில் “நாங்கள் முன்பே எச்சரித்தோம்” என்று வந்தால், ஒரே சொல்லில் குழு இரண்டாகிவிடும். பொதுவாக ‘நாம்’தான் சரி. ஆனால் இங்கேயும் அளவு உண்டு. ரிலீஸ் நேரத்தைத் தீர்மானித்தது தலைவர் ஒருவர்தான் என்றால், “நாம் ஞாயிறு இரவைத் தேர்ந்தெடுத்தோம்” என்பது தன் முடிவை எல்லோர் தலையிலும் பங்கு பிரிப்பது. “ஞாயிறு இரவு 11 மணி என்று நான் முடிவு செய்தேன். கடை நேரத்தில் பில்லிங் தடைபடக் கூடாது என்பது அப்போதைய காரணம்” என்று அவரே எழுதினால், மற்றவர்களுக்கும் தங்கள் பகுதியைச் சொல்லத் தைரியம் வரும்.

படி 5: எதைக் குறைக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

எல்லா வன்சொல்லும் தீர்ப்பு அல்ல. ‘டெஸ்ட் ஃபெயில்’, ‘சர்வர் ஃபெயில்’ என்பவை ஒரு நிலையின் பெயர். அதைப் போய் ‘டெஸ்ட் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை’ என்று நீட்டினால் சிரிப்பார்கள். அதுபோல, வெளியே இருப்பவருக்கு நேர்ந்த பாதிப்பைக் குறைத்து எழுதும் உரிமை நமக்கு இல்லை. ‘1,900 பில்களில் வரி தவறு’ என்பது ‘சில பில்களில் வேறுபாடு’ ஆகக் கூடாது. தவறு என்றால் தவறுதான். அந்தப் பில்களை அடையாளம் கண்டு திருத்தும் வேலை கடைக்காரர்களுக்கு வந்து சேர்ந்தது என்பதும் அப்படியே இருக்கட்டும். குழுவின் மனம் நோகாமல் இருப்பதற்காகக் கடைக்காரரின் நஷ்டத்தைச் சுருக்கினால் அது மென்மை ஆகாது.

சொல் குறைந்து விவரமும் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்கல விபத்து, 2003 பிப்ரவரி 1. புறப்படும்போது ஒரு நுரைத்துண்டு இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே, அது எவ்வளவு ஆபத்து என்று பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு பயப்பட வேண்டாம் என்ற தொனியில் இருந்தது. ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல் அளவில்லாமல் ஐந்து இடங்களில் வந்தது. முன்பு சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற செய்தி கடைசி வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. 640 மடங்கு! விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் தந்த அறிக்கையில் இந்த ஸ்லைடையே எடுத்துவைத்து விமர்சித்தது.

நம் பில்லிங் மென்பொருளில் உயிர் போகாது. ஆனால் பழக்கம் அதேதான். ‘சில சவால்கள்’, ‘எதிர்பாராத சூழல்’, ‘சிறு தொய்வு’, ‘நல்ல கற்றல் அனுபவம்’ என்ற சொற்கள் வரும் இடத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மூடுதுணி. ‘கற்றல் அனுபவம்’ மீது எனக்குத் தனி வெறுப்பு உண்டு. என்ன கற்றோம் என்று அடுத்த வரியில் எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதிகமாகக் குறைத்துவிட்டோமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. குழுவில் இல்லாத ஒருவரிடம் வரைவைக் கொடுங்கள். படித்ததும் எத்தனை கடைகள், எவ்வளவு நேரம், யாருக்குப் பாதிப்பு என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், சொல்லோடு சேர்த்து விவரத்தையும் கழுவிவிட்டீர்கள். மாறாக, “இதுல யார் மேல தப்பு?” என்று நீங்கள் கேட்காமலே அவர் ஒரு பெயரைச் சொன்னால், எங்கோ ஒரு ‘கூட’ இன்னும் மிச்சம் இருக்கிறது.

படி 6: முழுதாகத் திருப்பி எழுதிப் பாருங்கள்

மேலே துண்டுதுண்டாகப் பார்த்ததைச் சேர்த்தால் இப்படி வரும்:

“22ஆம் தேதி காலை கடை திறக்கும்போது 140 கடைகளிலும் புதிய ஜிஎஸ்டி விகிதம் இருக்க வேண்டும் என்பது நோக்கம். 112 கடைகளில் இருந்தது. 28 கடைகளில் மதியம் 1.30 வரை பழைய விகிதத்தில் சுமார் 1,900 பில்கள் போயின. அவற்றில் வரி தவறு. திருத்தும் வேலை கடைக்காரர்களுக்கு வந்தது.

அப்டேட்டை ஞாயிறு இரவு 11 மணிக்கு அனுப்ப நான் முடிவு செய்தேன். கடை நேரத்தில் பில்லிங் தடைபடக் கூடாது என்பது காரணம். மென்பொருள் இரவில் மட்டுமே அப்டேட்டைத் தேடும். இந்த 28 கடைகளில் மெஷின் அணைந்திருந்தது. நம் சோதனை மெஷின்கள் எப்போதும் ஓடுவதால் இது சோதனையில் தெரியவில்லை. மெஷின் அணைந்திருப்பது பற்றிய கேள்வி 12ஆம் தேதி குழுவில் எழுந்தது. பதில் தருபவர் யார் என்று நாம் முடிவு செய்திருக்கவில்லை.

இனி: மெஷினை இயக்கியதும் அப்டேட்டைத் தேடும்படி மென்பொருளை மாற்றுவது. அணைத்து இயக்கும் நிலையைச் சோதனைப் பட்டியலில் சேர்ப்பது. ரிலீஸ் கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பாளரை அறிவிப்பது.”

‘இனியாவது பொறுப்போடு’ என்ற வரி மூன்று வேலைகளாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் தேதியும் போடுங்கள். பெயர் வர வேண்டிய இடம் அதுதான்.

படி 7: அனுப்பும் முன்னும் பின்னும்

கோப்பின் பெயர், மெயிலின் தலைப்பு, கூட்ட அழைப்பு மூன்றையும் பாருங்கள். உள்ளே எவ்வளவு பக்குவமாக எழுதினாலும், கோப்பு `GST_failure_final2` என்று இருந்தால் எல்லோர் திரையிலும் முதலில் தெரிவது அதுதான். `GST-update-review-2025-09` போதும்.

வரைவில் யாருடைய வேலை வருகிறதோ, அவருக்கு முதலில் தனியாகக் காட்டுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் சின்னக் குழுவில் எல்லோருக்கும் ஆள் தெரியும். “இதில் விவரம் எதுவும் தவறா?” என்று மட்டும் கேளுங்கள். ‘உங்களுக்கு இது சரியா’ என்று கேட்டால் வெட்டச் சொல்வார். விவரத்தைக் கேட்டால் சேர்ப்பார். பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்ப்பார்.

மேலதிகாரிக்குக் காரமாக ஒன்று, குழுவுக்கு இதமாக ஒன்று என்று இரண்டு பிரதி தயாரிக்காதீர்கள். காரமான பிரதி எப்படியும் கைமாறி வந்துவிடும். அதன்பிறகு நீங்கள் எழுதும் எந்த இதமான வரியையும் யாரும் நம்ப மாட்டார்கள். மேலதிகாரி “இது தோல்விதானே, அப்படியே எழுது” என்றால், எண்கள் இருக்கும் முதல் பத்தியைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது நீங்கள் மழுப்பவில்லை என்ற உறுதிதான். 28, 1,900 என்ற எண்கள் அதைத் தந்துவிடும்.

பகிர்ந்தபின் யாராவது ஓரக் குறிப்பில் “இது சப்போர்ட்டோட சொதப்பல்” என்று எழுதினால், அதை உடனே அழிக்காதீர்கள். அழித்தால் பேச்சு டீக்கடைக்குப் போய்விடும். அங்கேயே, “எந்தத் தேதி, எந்தக் கடை என்று சொல்லுங்கள், மேலே சேர்த்துவிடுகிறேன்” என்று பதில் எழுதுங்கள். விவரம் இருந்தால் அறிக்கை முழுமையாகும். இல்லையென்றால் எழுதியவரே அன்று மாலைக்குள் அந்தக் குறிப்பை எடுத்துவிடுவார்.